ஜீரோ டெப் இருந்தும் 41,250 ரூபாய் கையைவிட்டுப் போனது ஏன்?

கேள்வி: சார், நான் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். 1200 சிசி பெட்ரோல் கார். வாங்கி மூன்று வருஷம் ஒன்பது மாசம் ஆகிறது. போன மாசம் ஒரு மழை ராத்திரி, டின் ஃபேக்டரி பக்கத்தில் முன்னால் போன டெம்போ சட்டென்று பிரேக் போட, பின்னால் மோதிவிட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆனதால் வீடுவரை ஓட்டி வந்துவிட்டேன். ஒர்க்‌ஷாப் பில் 1,04,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்தது 62,750. "பம்பர் டு பம்பர் சார், உங்க கையிலிருந்து ஒரு ரூபாய் போகாது" என்று சொல்லித்தான் ஜீரோ டெப்புக்கு 2,150 ரூபாய் தனியாக வாங்கினார்கள். ஏமாற்றிவிட்டார்களா? மூன்று மாசத்தில் ரின்யூவல் வருகிறது. திரும்பவும் எடுக்கலாமா? பில், சர்வே ரிப்போர்ட், பாலிசி மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: மூன்று காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் கையைவிட்டுப் போன 41,250 ரூபாயில் 4,250 ரூபாய் உங்களுக்கு வரவேண்டிய பணம். அதைக் கேட்டு வாங்குங்கள். மீதி 37,000 வராது. கம்பெனி அந்த விஷயத்தில் செய்தது சரிதான். இருபது வருஷத்துக்கு மேல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக இந்த ஊரில் வண்டிகளைப் பார்த்தவன் என்பதால் கம்பெனிக்காரன் பக்கம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கணக்கைப் பிரித்துக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள்.

முதலில் அந்த "பம்பர் டு பம்பர்" என்ற பேச்சை மறந்துவிடுங்கள். அது விற்பவர்கள் வைத்த பெயர். உங்கள் பாலிசியில் அந்த வார்த்தை எங்கேயும் இல்லை. "தேய்மானக் கழிவு இல்லை" என்ற பொருளில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ஜீரோ டெப் செய்வது அந்த ஒரு வேலையைத்தான்: மாற்றிப் போடும் பாகங்களின் விலையில், வண்டி பழையது என்பதற்காகக் கம்பெனி கழிக்கும் சதவீதத்தை இது நீக்கிவிடுகிறது. அடிப்படை பாலிசி எதற்குப் பணம் தராதோ அதற்கு இதுவும் தராது. அடிப்படை பாலிசி ஒரு கதவு என்றால், ஜீரோ டெப் அந்தக் கதவின் உயரத்தைக் கூட்டுகிறது. புதிதாக இன்னொரு கதவைத் திறந்துவிடுவதில்லை.

இந்தக் கழிவு எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பில் புரியும். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் இவற்றுக்கு வண்டி எத்தனை வருஷம் ஆனாலும் பாதி விலைதான். ஷோரூமிலிருந்து எடுத்து ஒரு மாசத்தில் பம்பர் உடைந்தாலும் பாதி உங்கள் தலையில். ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதம் கழிவு. கண்ணாடிக்குக் கழிவே கிடையாது. உலோகப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்து ஏறும்: முதல் ஆறு மாசம் ஒன்றுமில்லை, ஒரு வருஷத்துக்குள் 5, இரண்டு வருஷத்துக்குள் 10, மூன்றுக்குள் 15, நான்குக்குள் 25, ஐந்துக்குள் 35. பெயிண்ட் கொஞ்சம் விசித்திரம். பெயிண்ட் பில்லில் கால் பங்கு பொருள் செலவு, மீதி கூலி என்று வைத்துக்கொண்டு, அந்தக் கால் பங்கில் பாதியைக் கழிப்பார்கள். கூலிக்குத் தேய்மானம் இல்லை.

இப்போது உங்கள் பில்லுக்கு வருவோம். முன் பம்பர் 7,000, கிரில் 2,500, ஹெட்லைட் 8,500. இந்த மூன்றும் பிளாஸ்டிக் கணக்கு, மொத்தம் 18,000. ஹெட்லைட்டைக் கண்ணாடி என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்? இன்றைய கார்களில் அதன் முகப்பும் வெளிக்கூடும் பிளாஸ்டிக்தான், அதனால் சர்வேயர்கள் பொதுவாக அங்கேதான் சேர்ப்பார்கள். அடுத்து பானெட் 9,500, ரேடியேட்டர் தாங்கும் முன் பேனல் 4,500, ரேடியேட்டர் 6,000, ஏசி கண்டென்சர் 8,000. உலோகப் பக்கம் 28,000. பெயிண்ட் 12,000. டின்கர் வேலை, கழற்றிப் பூட்டும் கூலி எல்லாம் சேர்த்து 10,000. கூலன்ட், ஏசி கேஸ், கிளிப், நட் போல்ட் என்று 4,000. கடைசியாக என்ஜின் ஹெட் கழற்றி, பிளேன் செய்து, கேஸ்கெட் மாற்றி, ஆயில் நிரப்பிய வகையில் 32,000.

ஜீரோ டெப் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிளாஸ்டிக்கில் பாதி போய் 9,000. உலோகத்தில் நான்காவது வருஷத்துக்கான 25 சதவீதம், அதாவது 7,000 போய் 21,000. பெயிண்டில் 1,500 போய் 10,500. கூலி முழுசாக 10,000. மொத்தம் 50,500. அதில் ஒவ்வொரு கிளெய்மிலும் பிடிக்கும் கட்டாயக் கழிவு 1,000 போக, கையில் வருவது 49,500. ஜீரோ டெப் இருப்பதால் முதல் நான்கு இனங்களும் முழுசாகச் சேர்ந்து 68,000 ஆகிறது. ஆயிரம் போக 67,000. ஆக 2,150 ரூபாய்க்கு வாங்கிய கவர் உங்களுக்கு இந்த ஒரு விபத்தில் 17,500 ரூபாய் கொடுத்திருக்க வேண்டும். அது தன் வேலையைச் செய்துதான் இருக்கிறது, ஓர் இடத்தைத் தவிர.

அந்த ஓர் இடம்தான் ஹெட்லைட். சர்வே ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில், பாகங்களின் பட்டியலில் "தேய்மானம்" என்ற பத்தியைப் பாருங்கள். பம்பருக்கும் கிரில்லுக்கும் பூஜ்யம் என்று இருக்கிறது. ஹெட்லைட்டுக்கு மட்டும் 50 என்று இருக்கிறது. 8,500-ல் பாதி 4,250. அப்படித்தான் 67,000 இறங்கி 62,750 ஆனது. இது கொள்கை முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை, கணினியில் பாகத்தின் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது நடந்த கைத்தவறு மாதிரிதான் தெரிகிறது. ஹெட்லைட்டை ஜீரோ டெப்பிலிருந்து விலக்குவதாக உங்கள் பாலிசியின் அந்தப் பகுதியில் ஒரு சொல்லும் இல்லை. டயருக்கும் பேட்டரிக்கும்தான் விலக்கு போட்டிருக்கிறார்கள். இதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலர் தருவார்கள், சிலர் ஜீரோ டெப் இருந்தாலும் டயருக்குப் பாதிதான் தருவார்கள். உங்களுக்கு இந்த முறை டயர் அடிபடவில்லை என்பதால் அதை விட்டுவிடுவோம்.

இந்த 4,250-ஐ வாங்குவது பெரிய வேலை இல்லை. கிளெய்ம் எண்ணைப் போட்டு, ரிப்போர்ட்டின் அந்த வரியைப் படம் எடுத்து இணைத்து, "இந்தப் பாகத்துக்குத் தேய்மானம் கழித்தது பாலிசியின் எந்த விதிப்படி?" என்று ஒரே கேள்வியாக ஈமெயில் போடுங்கள். என்ஜின் விஷயத்தை அந்தக் கடிதத்தில் கலக்காதீர்கள். இரண்டையும் சேர்த்து எழுதினால் பதில் என்ஜினுக்கு மட்டும்தான் வரும், ஹெட்லைட் காணாமல் போய்விடும். பதில் வராவிட்டால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ நடத்தும் பீமா பரோசா புகார் தளத்திலும் பதியலாம். அதன் தொலைபேசி எண் 155255. கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் பெங்களூரிலேயே இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் இந்தத் தொகைக்கு அதுவரை போக வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, பெரிய தொகைக்கு வருவோம். 32,000.

நீங்கள் மோதியதில் ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம் கிழிந்திருக்கிறது. சர்வேயர் எடுத்த படத்தில் ஃபேன் இறக்கை ரேடியேட்டரைக் கீறிய வட்டத் தடம் தெளிவாகத் தெரிகிறது. அந்த நிமிஷத்திலிருந்தே கூலன்ட் ஒழுக ஆரம்பித்திருக்கும். மழை பெய்துகொண்டிருந்ததால் வண்டிக்குக் கீழே ஒழுகியது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்புறம் வீடுவரை மூன்று கிலோமீட்டர். கிளெய்ம் ஃபார்மில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அன்றைய டிராஃபிக்கில் முப்பது நிமிஷம் ஆனதாக. கூலன்ட் இல்லாமல் அரை மணி நேரம் ஓடிய என்ஜினில் அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்துவிடும், கேஸ்கெட் போய்விடும். அதுதான் நடந்திருக்கிறது.

"மீட்டரில் சிவப்பு விளக்கு வரவே இல்லையே" என்று ரிப்போர்ட்டின் ஓரத்தில் நீங்கள் எழுதிய குறிப்பையும் பார்த்தேன். அது பொய் என்று நான் சொல்லவில்லை. சூட்டை அளக்கும் சென்சார் கூலன்டில் முழுகி இருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் இறங்கிவிட்டால் அது காற்றிலும் ஆவியிலும் தொங்கிக்கொண்டு, உள்ளே வெந்துகொண்டிருக்கும்போதும் குறைவாகக் காட்டலாம். அதனால் மோதிய பிறகு மீட்டரை நம்பி ஓட்டுவது பிரயோஜனமில்லாத வேலை. உங்கள் வண்டியில் விளக்கு தாமதமாக வந்ததோ கவனத்தில் படவில்லையோ, ஒர்க்‌ஷாப் ஸ்கேனரில் P0217 என்ற பழுதுக் குறியீடு பதிவாகி இருக்கிறது. என்ஜின் அளவுக்கு மேல் சூடானது என்று அர்த்தம். இந்த அச்சுப் பிரதியும் சர்வேயர் ஃபைலில் இருக்கிறது.

ஆக, மோதியதில் உடைந்தது ரேடியேட்டர். ஓட்டியதில் கெட்டது என்ஜின். பாலிசி இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது. நிபந்தனைகள் பகுதியில் ஒரு வாசகம் இருக்கும், எல்லாக் கம்பெனி கார் பாலிசியிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அதன் சாரம் இது: விபத்தோ பழுதோ ஏற்பட்ட வண்டியைத் தேவையான ரிப்பேர் செய்யாமல் ஓட்டினால், அதனால் கூடும் சேதமும் புதிதாக வரும் சேதமும் முழுக்க வண்டிக்காரர் பொறுப்பு. ரேடியேட்டருக்குக் கம்பெனி முழுப் பணம் கொடுத்து, என்ஜினுக்கு ஒன்றும் கொடுக்காததற்குக் காரணம் இந்த வரிதான். தேய்மானத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் ஜீரோ டெப் இங்கே வாயே திறக்கவில்லை.

இதில் எனக்குக் கொஞ்சம் மனசு கனக்கத்தான் செய்கிறது. மழை, ராத்திரி, பின்னால் ஹாரன், டெம்போக்காரர் ஒருபக்கம் சத்தம். அந்த நேரத்தில் யாருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் இருக்கும். ஆனால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போக உங்கள் அடிப்படை பாலிசியிலேயே 1,500 ரூபாய் வரை டோயிங் செலவுக்கு இடம் இருக்கிறது. ஒரு போன் செய்திருந்தால் 32,000 மிச்சம். முன்பக்கம் அடி வாங்கிய எந்த வண்டியையும் மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் குனிந்து கீழே பார்க்க வேண்டும். பச்சை, சிவப்பு, ரோஸ் நிறத்தில் வழவழப்பாக ஒழுகினால் கூலன்ட். மழைத் தண்ணீரோடு குழம்பும் என்று சந்தேகம் இருந்தால் பானெட் விளிம்பில் இனிப்பு வாசனையோடு ஆவி வருகிறதா என்று பாருங்கள். பானெட் மடங்கியிருந்தாலே ரேடியேட்டருக்கு அடி விழுந்திருக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இருக்காது.

இதே விஷயம் இந்த ஊரில் இன்னொரு வேஷத்தில் அடிக்கடி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ராமமூர்த்தி நகரிலிருந்து அவுட்டர் ரிங் ரோடு வழியாகத்தான் வேலைக்குப் போவீர்கள் என்று நினைக்கிறேன். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் வெள்ளம் வந்தபோது பேஸ்மென்ட்டில் முழுகிய கார்களை வரிசையாகப் பார்த்தேன். ஒரே அபார்ட்மென்ட், பக்கத்துப் பக்கத்து பார்க்கிங், இரண்டு பேருக்குமே ஜீரோ டெப். ஒருவர் வண்டியைத் தொடவே இல்லை, டோயிங் வண்டியை வரச்சொன்னார். அவருக்கு உட்புறச் சுத்தம், வயரிங், நனைந்த மாடியூல்கள், கார்பெட் எல்லாவற்றுக்கும் பணம் வந்தது. வெள்ளம் என்பது அடிப்படை பாலிசியிலேயே உள்ள ஆபத்து. இன்னொருவர் தண்ணீர் வடிந்ததும் "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பினார். சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டன் அமுக்கப் பார்த்தது. தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளைந்தது. கார்பெட்டுக்கு அவருக்கும் பணம் வந்தது. என்ஜினுக்கு வரவில்லை, அது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் அல்ல, அதன் பின்விளைவு என்று கம்பெனி எழுதிவிட்டது.

இதற்கென்று என்ஜின் ப்ரொடெக்ட் என்ற தனி கவர் இருக்கிறது. தண்ணீர் புகுந்து என்ஜின் கெடுவதற்கும், அடிப்பக்கம் அடிபட்டு ஆயில் ஒழுகி என்ஜின் கெடுவதற்கும் பொதுவாக அது பணம் தரும். அது இருந்திருந்தால் உங்கள் 32,000 வந்திருக்குமா என்றால், வாசகத்தைப் பார்க்காமல் ஆமாம் என்று சொல்ல மாட்டேன். சில பாலிசிகளில் கூலன்ட் ஒழுக்கையும் சேர்த்திருப்பார்கள், சிலவற்றில் இருக்காது. சேர்த்திருந்தாலும், சேதம் தெரிந்த பிறகு ஓட்டினால் இல்லை என்ற விலக்கு பெரும்பாலும் கூடவே இருக்கும். எனவே அந்தக் கவரை வாங்குங்கள், ஆனால் ஓட்டிக்கொண்டு போகலாம் என்ற தைரியத்துக்காக வாங்காதீர்கள்.

மிச்சம் 5,000 ரூபாய். இதில் 1,000 கட்டாயக் கழிவு. 1500 சிசி வரை உள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் 1,000, அதற்கு மேல் 2,000. எந்தக் கவர் எடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. உங்கள் பாலிசியில் நாமாக ஏற்றுக்கொள்ளும் தன்னிச்சைக் கழிவு பூஜ்யம் என்று இருக்கிறது, நல்லது. பிரீமியம் குறைகிறது என்று ஆன்லைனில் அந்த இடத்தில் 5,000 என்று டிக் செய்தவர்களுக்கு அந்த 5,000-மும் போகும். சில மலிவு ஜீரோ டெப் திட்டங்களில் இதை வேறு பெயரில் உள்ளேயே சொருகியிருப்பார்கள், ரின்யூவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற 4,000 கூலன்ட், ஏசி கேஸ், கிளிப், நட் போல்ட் வகை. ஒர்க்‌ஷாப்பில் இவற்றைக் கன்ஸ்யூமபிள்ஸ் என்பார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தீர்ந்துபோகும் பொருட்கள், இவை "பாகம்" இல்லை. பாகமே இல்லாததற்குத் தேய்மானம் என்ற பேச்சே வராது, தேய்மானம் இல்லாத இடத்தில் ஜீரோ டெப்புக்கு வேலை இல்லை. கண்டென்சருக்கு முழுப் பணம் கொடுத்துவிட்டு, அதற்குள் நிரப்பும் கேஸுக்குத் தர மாட்டேன் என்பது கேட்பவருக்கு அநியாயமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, சர்வேயராக இருந்த காலத்திலேயே. ஆனால் விதி அதுதான். கன்ஸ்யூமபிள்ஸ் கவர் என்று தனியாக விற்கிறார்கள். பொதுவாக ஜீரோ டெப்பை விட விலை குறைவு. முன்பக்கம் அடிபடும் விபத்துகளில் கூலன்டும் கேஸும் கட்டாயம் போகும் என்பதால், ஊருக்குள் நெரிசலில் ஓட்டுபவருக்கு அது வீண் இல்லை.

ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டில் வலது ஃபெண்டரை மாற்ற வேண்டும் என்று எழுதி, சர்வேயர் அதை அடித்து டின்கர் கூலி மட்டும் கொடுத்திருக்கிறார். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் ரிப்போர்ட்டில் கண்ணில் பட்டது. அதிலும் தவறு இல்லை. தட்டி நிமிர்த்தக்கூடிய தகரத்தைப் புதிதாக மாற்றித் தரும் கடமை ஜீரோ டெப்புக்குக் கிடையாது. மாற்றியே தீர வேண்டிய பாகம் என்று முடிவான பிறகுதான் அது உள்ளே வருகிறது. ஃபெண்டர் நிமிர்ந்து, கதவோடு இடைவெளி சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள். கார் ஃபேக்டரியில் போட்ட பெயிண்டும் தகரமும் முடிந்தவரை வண்டியில் இருப்பதுதான் நல்லது.

ரின்யூவல் பற்றி. திரும்பவும் எடுங்கள், யோசிக்க வேண்டாம். அப்போது வண்டி ஐந்தாவது வருஷத்துக்குள் நுழைகிறது, உலோகக் கழிவு 25-லிருந்து 35-ஆக ஏறிவிடும். இதே பில் அடுத்த வருஷம் வந்தால், ஜீரோ டெப் இல்லாதபோது உலோகத்தில் மட்டும் 7,000-க்குப் பதில் 9,800 உங்கள் கையிலிருந்து போகும். வண்டி பழசாக ஆக இந்தக் கவரின் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. அதனால்தான் பல கம்பெனிகள் ஐந்து வருஷத்தோடு இதை நிறுத்திவிடுகின்றன. சிலர் ஏழு வருஷம் வரையும், அதற்கு மேலும் தருகிறார்கள். பாலிசியை ஒருநாள்கூட விட்டுவிடாமல் புதுப்பியுங்கள். இடைவெளி விழுந்தால் வண்டியைப் பரிசோதித்த பிறகுதான் புது பாலிசி, அப்போது பழைய வண்டிக்கு ஜீரோ டெப் கொடுப்பார்களா என்பது அவர்கள் கையில்.

பிரீமியம் இந்த முறை கூடுதலாக வரும், அதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். மூன்று வருஷம் கிளெய்ம் இல்லாமல் உங்களுக்கு 35 சதவீத நோ கிளெய்ம் போனஸ் இருந்தது, அது பூஜ்யமாகிவிட்டது. சொந்தச் சேதப் பிரீமியத்தில் அந்தத் தள்ளுபடி முழுக்கப் போய்விடும். 60,000-க்கு மேல் வாங்கிய கிளெய்முக்கு அது பரவாயில்லை. ஒரு 3,000 ரூபாய்க் கீறலுக்குக் கிளெய்ம் போட்டு இதை இழப்பவர்களைத்தான் நான் திட்டுவேன். இன்னொன்று, உங்கள் ஜீரோ டெப் வருஷத்துக்கு இரண்டு கிளெய்ம் வரைதான். ஒன்று தீர்ந்துவிட்டது, இந்த மூன்று மாசத்துக்கு இன்னும் ஒன்று பாக்கி. அது முடிந்த பிறகு மூன்றாவது போட்டால் கிளெய்ம் கிடைக்கும், ஆனால் பழையபடி தேய்மானம் கழித்துத்தான்.

வண்டி திருடுபோனாலோ முழுசாக நொறுங்கினாலோ ஜீரோ டெப் இருப்பதால் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பாலிசியில் வண்டியின் மதிப்பு 4,20,000 என்று போட்டிருக்கிறது. ரிப்பேர் செலவு இதில் 75 சதவீதத்தை, அதாவது 3,15,000-ஐத் தாண்டினால் வண்டியை முழுச் சேதம் என்று முடித்து அந்த மதிப்பைத்தான் தருவார்கள். வாங்கிய விலை வேண்டுமென்றால் அதற்கு ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கவர், அது பெரும்பாலும் புது வண்டிகளுக்குத்தான். உங்கள் வயது வண்டிக்குக் கிடைத்தாலும் நான் அதற்குப் பணம் கட்ட மாட்டேன். அந்தப் பணத்தில் என்ஜின் ப்ரொடெக்டையும் கன்ஸ்யூமபிள்ஸையும் எடுத்துக்கொள்வேன்.

கடைசியாக, பின் கதவில் இருந்த பழைய கீறலையும் இதே கிளெய்மில் சேர்த்துவிடலாம் என்று ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் சொன்னதாகவும், சர்வேயர் மறுத்ததாகவும் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கிறது. அவர் மறுத்தது உங்களுக்கு நல்லதுதான். முன்பக்கம் மோதிய விபத்தில் பின் கதவு கீறாது, அதில் துருகூட ஏறியிருந்தது. அது வேறு நாளில் நடந்த வேறு சம்பவம். தனிக் கிளெய்மாகத்தான் போட முடியும், அதற்கு இன்னொரு 1,000 கழிவும், உங்களுக்கு மிச்சமிருக்கும் அந்த ஒரு ஜீரோ டெப் வாய்ப்பும் போகும். ஹெட்லைட் பணம் வந்ததும் அதிலிருந்து கொடுத்து வெளியில் பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள்.